மெலட்டோனின் பாட்டிலில் உள்ள முத்திரை எதற்குச் சாட்சி?

உறக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோன் மெலட்டோனின். பிரிட்டனில் இது மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மருந்து. அமெரிக்காவிலோ வைட்டமின் பாட்டில்களுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய சப்ளிமென்ட். மூலக்கூறு ஒன்றுதான், எந்தச் சட்டத்தின் கீழ் விற்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாடு பாட்டிலுக்குள் இருப்பதையும் மாற்றிவிடுகிறது.

ஐரோப்பாவில் 2007இல் அனுமதி பெற்ற 2 மி.கி. மெலட்டோனின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதன் தயாரிப்பாளர், விற்பனைக்கு முன்பே மனிதர்களிடம் சோதனை நடத்தி, அது யாருக்குப் பலன் தருகிறது, எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சான்றுகளை ஆராய்ந்த பிறகே, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் தூக்கமின்மைக்கு என்ற வரையறையோடு அனுமதி கிடைத்தது. அந்த வயது வரம்பே சோதனையிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சப்ளிமென்டுகளை உணவின் வகையாக வைத்தது. அதன்படி, ஒரு தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவர, அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பை உறுதிசெய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றாலும், பொருள் ஆபத்தானது என்று சொல்லி நீக்க வேண்டுமானால் அதை நிரூபிக்கும் சுமை அரசின் மீது விழுகிறது. எஃபெட்ரா என்ற மூலிகை கொண்ட எடைக்குறைப்புப் பொருள்களுக்கு எஃப்டிஏ 1997இலேயே கட்டுப்பாடு முன்மொழிந்தும் தடை வந்தது 2004இல்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளை என்னால் சிறிய விஷயமாக நினைக்க முடியவில்லை.

லேபிளின் சொற்களிலும் இந்தப் பிரிவு தெரியும். ‘தூக்கமின்மையைக் குணப்படுத்தும்’ என்று அச்சிட்டால் அது நோயைப் பற்றிய கூற்று. அப்படிச் சொல்லும் பொருளைச் சட்டம் மருந்தாகவே கருதும். ‘அமைதியான உறக்கத்துக்குத் துணைபுரியும்’ என்றால் அது உடலின் இயல்பான செயலைப் பற்றிய கூற்று. அதை எஃப்டிஏ மதிப்பிடவில்லை என்ற அறிவிப்போடு அச்சிட்டுக்கொள்ளலாம்.

இனி அளவுக்கு வருவோம். அமெரிக்காவில் விற்கும், மிட்டாய் போல மென்று தின்னும் 25 மெலட்டோனின் தயாரிப்புகளை ஆய்வகத்தில் பரிசோதித்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. அவற்றில் 22இல், உள்ளே இருந்த அளவு லேபிளில் இருந்ததிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தது. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மற்றவற்றில் சொன்ன அளவில் 74 முதல் 347 விழுக்காடு வரை இருந்தது. அந்த உச்ச விகிதத்தை 3 மி.கி. என்று அச்சிட்ட ஒரு துண்டுக்குப் பொருத்தினால், குழந்தையின் கையில் இருப்பது 10 மி.கி.க்கும் மேல். நாள்பட நாள்பட மூலப்பொருள் சிதைவதால், காலாவதி நாள்வரை லேபிளின் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே கூடுதலாகச் சேர்ப்பது இத்துறையின் வழக்கம்; அளவு மிகுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் மூன்றரை மடங்கை அந்த வழக்கம் மட்டும் விளக்கிவிடாது.

இந்த இடத்தில்தான் முத்திரைகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். ‘எஃப்டிஏவில் பதிவுசெய்த ஆலை’ என்பது, ஆலையின் முகவரி ஒரு பட்டியலில் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ‘ஜிஎம்பி’ என்ற நல்ல உற்பத்தி முறைக்கான முத்திரை, ஆலையின் ஒழுங்கைப் பற்றியது: பதிவேடுகள், தூய்மை, மூலப்பொருளைச் சரிபார்க்கும் நடைமுறை ஆகியவற்றை அது காட்டும். உங்கள் கையில் இருக்கும் பாட்டிலை வெளியார் ஒருவர் திறந்து அளந்தார் என்று அது சொல்லவில்லை.

அமெரிக்காவில் மருந்துகளின் தரநிலைகளை வகுக்கும் யூஎஸ்பி என்ற அமைப்பின் சரிபார்ப்பு முத்திரை இவற்றைவிட ஒரு படி முன்னே செல்கிறது. 1820இல் தொடங்கிய அந்த அமைப்பு, குறிப்பிட்ட தயாரிப்பையே சோதித்து, லேபிளில் உள்ள பொருள் உள்ளே இருக்கிறதா, சொன்ன அளவில் இருக்கிறதா, ஈயம் போன்ற மாசுகள் வரம்புக்குள் உள்ளனவா, மாத்திரை உரிய நேரத்தில் கரைகிறதா என்று பார்க்கிறது. இந்த முத்திரை தயாரிப்புக்கு உரியதே தவிர நிறுவனத்துக்கு உரியதல்ல. ஒரே நிறுவனத்தின் 3 மி.கி. மாத்திரைக்கு அது இருந்து, மிட்டாய் வடிவத்துக்கு இல்லாமலும் போகலாம். எனவே முத்திரை தரும் அமைப்பின் இணையப் பட்டியலில், பொருளின் பெயர், அளவு, வடிவம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை.

அவை பொருந்தினாலும், 3 மி.கி. என்ற எழுத்து உண்மை என்பது மட்டுமே உறுதியாகிறது. அந்த 3 மி.கி. உங்களுக்கு உறக்கம் தருமா என்பதை யூஎஸ்பி சோதிக்கவில்லை. நீங்கள் உட்கொள்ளும் மற்ற மருந்துகளோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் முத்திரை அறியாது. மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றுக்குத் தரப்படும் ஃப்ளுவோக்ஸமின், மெலட்டோனினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு உயர்த்திவிடும். அப்போது துல்லியமாக அளந்து நிரப்பிய மாத்திரையும், மூன்றரை மடங்கு மிகுந்த மிட்டாயைப் போலவே அளவு மீறியதாகிவிடும்.