ஃபோர்ட்நைட்லி: பதினாலா, பதினைந்தா?

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்கு லண்டனிலிருந்து வந்த கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 2026 ஜூன் 5, வெள்ளி தொடங்கி ‘ஃபோர்ட்நைட்லி’ சரக்கு வேண்டும் என்று இருந்தது. ‘பதினைந்து நாளுக்கு ஒருமுறை’ என்று எழுதினேன். பட்டறைப் பெரியவர் வாசித்ததும், "சரி, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி" என்றார். கணக்கு எழுதும் பையன் கணினியில் பதினைந்தைக் கூட்டினான். ஜூன் 20 சனி, ஜூலை 5 ஞாயிறு என்று வந்தது. லண்டன்காரர் எதிர்பார்த்ததோ ஜூன் 19, ஜூலை 3. இரண்டும் வெள்ளி.

பெரியவர் எப்படிச் சரியாகப் பிடித்தார்? எண்ணும் முறைதான் காரணம். காவிரிக்கரை ஊர்களில் வெள்ளிக்கிழமை நின்றுகொண்டு "இன்னைக்கு எட்டாம் நாள்" என்றால் அடுத்து வரும் வெள்ளியைத்தான் சொல்கிறோம். இன்றைய நாளே முதல் நாள். அதே கணக்கில் பதினைந்தாம் நாள் அதற்கடுத்த வெள்ளி. இறந்த நாளையும் சேர்த்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் வைப்பதும் இப்படித்தான்: வெள்ளியன்று இறந்தவருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் சனியில் வரும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’. அவர்கள் இரவுகளை எண்ணினார்கள். ஒரு வெள்ளி விட்டு வரும் வெள்ளி வரை எத்தனை இரவு என்று பார்த்தால் பதினாலு. நாம் இரு முனையிலும் உள்ள நாளைச் சேர்த்துப் பதினைந்து என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற சொல்லே அதிகம் புழங்காது. அங்கே சொல்லும் ‘பைவீக்லி’ இன்னும் சிக்கல்: வாரம் இருமுறை என்றும் ஆகும், இருவாரத்துக்கு ஒருமுறை என்றும் ஆகும்.

அப்புறம், தமிழில் எதை எழுதுவது? ‘பட்சம்’ நெருங்கி வரும், ஆனால் பொருந்தாது. சிறகு, பக்கம் என்று பொருள்படும் வடசொல் அது. வளர்பிறை ஒரு சிறகு, தேய்பிறை இன்னொன்று. பதினைந்து திதி கொண்டாலும் சராசரியாகப் பதினைந்து நாளுக்குச் சற்றுக் குறைவு, சரியாகப் பதினாலு நாளும் இல்லை. பிரதோஷம் ஒரே கிழமையில் வராததற்கு இதுவே காரணம். ‘மாதமிருமுறை’ பத்திரிகைகளுக்குச் சரியான சொல். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் என்று வைத்தால் வருடத்துக்கு 24 முறை. ஃபோர்ட்நைட்லி என்றால் 26. சம்பளத்திலோ சரக்கிலோ இரண்டு தவணை வித்தியாசம் சின்னதல்ல.

ஆகவே நான் இப்போது ‘இருவாரத்துக்கு ஒருமுறை’ என்றே எழுதுகிறேன், கிழமையும் முதல் இரண்டு தேதிகளும் சேர்த்து. ‘அடுத்த வெள்ளி’க்கும் அதே வழிதான். புதன்கிழமை அதைச் சொன்னால் ஒருவர் நாளை மறுநாள் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அதற்கடுத்த வாரம் என்பார். பட்டறைக்கு மறுபடி எழுதிக் கொடுத்தபோது, ‘ஜூன் 5 வெள்ளி, ஜூன் 19 வெள்ளி, பிறகு இருவாரத்துக்கு ஒருமுறை வெள்ளிதோறும்’ என்று முதலில் எழுதி, ‘தோறும்’ வாரா வாரம் என்று தோன்றும் என்பதால் அதை அடித்துவிட்டு, ‘ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி’ என்று பெரியவர் சொன்னதையே போட்டேன்.