அம்புக்குறியை நம்பி வைவாவுக்கு வராதீர்கள்

இந்த முறை பேத்தாலஜி வைவாவில் ஏழாவது மாணவரும் அதே பதிலைச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன். "சீரம் அயர்ன் குறைவு மேடம், அதனால் இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை."

எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சீனியர் ஜூனியருக்குக் கொடுத்து, ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக மங்கிப்போன அந்த அட்டவணை. காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று நான்கு கட்டம். பரிசோதனைக் கட்டத்தில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. அட்டவணை போடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போட்டுத்தான் படித்தேன். ஆனால் எந்த வரி இரண்டு நோயைப் பிரிக்கிறது, எந்த வரி பிரிக்கவில்லை என்று அதில் குறித்திருக்க வேண்டாமா?

இரும்புச்சத்துக் குறைபாட்டையும் நாள்பட்ட நோயால் வரும் ரத்தசோகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சீரம் அயர்ன் இரண்டிலுமே குறைவு. பிரிக்க உதவாத அந்த வரியைத்தான் எல்லோரும் முதலில் ஒப்பிக்கிறீர்கள். வீட்டுக் குதிரில் நெல்லே இல்லாவிட்டாலும் அடுப்படியில் அரிசி இருக்காது, குதிர் நிறைய நெல் இருந்து பூட்டுச்சாவி தொலைந்தாலும் இருக்காது. சீரம் அயர்ன் அடுப்படி அரிசி. ஃபெரிட்டின்தான் குதிர். டி.ஐ.பி.சி. என்பது நெல்லைத் தேடிக் கிளம்பும் காலி வண்டிகள். குதிர் காலியானால் வண்டிகள் பெருகும், பூட்டிக் கிடந்தால் குறையும். நாள்பட்ட நோயில் குதிருக்குப் பூட்டுப் போடுவது ஹெப்சிடின், அந்தக் கதை பாடத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

சரி, அப்படியானால் ஃபெரிட்டினைப் பார்த்தால் போதும்தானே என்றால், அங்கேதான் அடுத்த பள்ளம். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். நான் அன்று கொடுத்த கேஸ் இதற்காகத்தான். 58 வயது ஆண், பல வருடமாக முடக்குவாதம், மூட்டு வலிக்குத் தினமும் வலிமாத்திரை. ஹீமோகுளோபின் 7.2, எம்.சி.வி. 66, சி.ஆர்.பி. அதிகம், ஃபெரிட்டின் 64. 'ஃபெரிட்டின் நார்மல், முடக்குவாதம் இருக்கிறது, ஆகவே நாள்பட்ட நோய் ரத்தசோகை' என்று எழுதினவர்கள்தான் அதிகம்.

அந்த 64 நல்ல ஆளிடம் நிம்மதியான எண். இவரிடம் அப்படியில்லை. அழற்சி இவ்வளவு இருந்தும் ஃபெரிட்டின் 100-ஐக்கூடத் தொடவில்லை என்றால் இரும்புச்சத்தும் தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள். எம்.சி.வி.யும் அதையே சொல்கிறது. நாள்பட்ட நோய் மட்டும் என்றால் செல்கள் பெரும்பாலும் சாதாரண அளவில் இருக்கும், சில சமயம் லேசாகச் சிறுக்கும். 66-க்கு இறங்குவது அரிது. ஸ்மியரைப் பார்த்திருந்தால் வெளிறிய சின்ன செல்களும் பென்சில் செல்களும் கண்ணில் பட்டிருக்கும். மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே இருந்தது, ஒருவரும் குனியவில்லை. (பேத்தாலஜி தேர்வில் ஸ்மியர் பார்க்காமல் கணக்குப் போடுவதை வேறு என்னவென்று சொல்ல.)

அவருக்கு இருந்தது இரண்டும் சேர்ந்து. அட்டவணையில் இரண்டு நோய்க்கும் நடுவில் கோடு இருக்கிறது, நோயாளி உடம்பில் அந்தக் கோடு கிடையாது.

சிகிச்சைக் கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'இரும்புச்சத்து மாத்திரை' என்று மூன்றாம் வருட மாணவர் எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. இவருக்கு ரத்தம் எங்கே போகிறது? தினமும் வலிமாத்திரை போடுபவரின் வயிற்றில் புண் இருக்கலாம், 58 வயதில் பெருங்குடல் புற்றுநோயும் இருக்கலாம். மலத்தில் மறைந்த ரத்தம் இல்லை என்று வந்தாலும் விடக் கூடாது, மேலும் கீழும் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறி, கட்டி உள்ளேயே வளர்ந்தால் அந்தக் கட்டம் யாருக்கு உதவும்?

தலசீமியா ட்ரெய்ட்டுக்கும் ஒரு வார்த்தை. எம்.சி.வி. மிகக் குறைந்திருக்க, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் யோசியுங்கள். பீட்டா ட்ரெய்ட்டில் ஹீமோகுளோபின் ஏ2 பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூடவே இரும்புச்சத்துக் குறைபாடும் இருந்தால் அது இறங்கி நார்மல் போலக் காட்டலாம். குறைபாட்டைச் சரிசெய்த பிறகு மறுபடி பாருங்கள்.

அப்புறம், தயவு செய்து அந்தப் பழைய ஜெராக்ஸை மடித்து வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். இரண்டு நோய்க்கும் ஒரேமாதிரி வரும் வரிகளைப் பென்சிலில் அடியுங்கள். மிஞ்சுகிற ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத அம்பைத்தான் நான் கேட்பேன்.