மேப் போட்டோவ அனுப்பிட்டு "லெஜண்ட மட்டும் தமிழ்ல போட்டுக் குடுங்க"ன்னு சொல்றவங்களுக்கு

இந்த வாரமும் ஒண்ணு வந்துச்சு. சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டோட போட்டோ, வாட்ஸ்அப்ல, பாதி மங்கலா. கூடவே லெஜண்டுக்கு, அதாவது எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு சொல்ற பகுதிக்கு, யாரோ ஏற்கனவே பண்ண தமிழ் லிஸ்ட்டு, "சும்மா ஒரு தடவ பாத்துடுங்க"ன்னு. லிஸ்ட்ல வார்த்தை எல்லாம் சரிதான், ஆனா மேப்பே தப்பாயிடுச்சு.

லெஜண்ட்னா வார்த்தைப் பட்டியல்னு நெனச்சுக்கறாங்க, அதான் எனக்கு எரிச்சல். டோப்போ ஷீட்ல ஒரு வரிக்கு ஒரு குறி கெடையாதுங்க. ஒரே வரியில கிணறு போட்டு கோலன், கட்டினது, செமிகோலன், கட்டாதது, அப்புறம் டியூப்வெல், ஊற்று, ஏரி கோலன் வற்றாதது, வறண்டதுன்னு போகும், பக்கத்துல அதே வரிசையில ஆறு குறி இருக்கும். எத எதோட சேக்கணும்னு சொல்றது அந்தப் புள்ளிங்கதான். வந்த லிஸ்ட்ல மொத ரெண்டையும் சேத்து "கட்டிய, கட்டாத கிணறுகள்"னு அழகா ஒண்ணாக்கிட்டாங்க. அவ்ளோதான், ஆறு குறிக்கு அஞ்சு பேரு. கட்டாத கிணறு டியூப்வெல் ஆச்சு, டியூப்வெல் ஊற்றாச்சு, ஊற்று வற்றாத ஏரி, நீலமா தண்ணி நிக்கிற ஏரிக்கு வறண்ட ஏரின்னு பேரு, கடைசி குறிக்கு பேரே இல்ல! இத வச்சு நீர்நிலை மனு போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. தயவுசெஞ்சு மொதல்ல குறிய எண்ணுங்க, அப்புறம் பேர எண்ணுங்க, ரெண்டும் ஒத்துப்போனப்புறம் மொழிபெயர்க்க உக்காருங்க.

அடுத்து மேப்புக்குள்ள இருக்குற நெரிசல். ஏரிக்கரை ஓரமா 3 போட்டு பக்கத்துல சின்னதா இங்கிலீஷ் எழுத்து r இருக்கும், அத ஒருத்தர் "3 ஆறு"ன்னு எழுதியிருந்தார். அது கரையோட உயரம் சார், பக்கத்து தரையிலேருந்து 3 மீட்டர். காட்டுப் பேரு இன்னும் மோசம், எழுத்துக்கு எழுத்து எட்டி எட்டிப் போட்டிருப்பாங்க, நடுவுல ரெண்டு ஊர்ப்பேரு உக்காந்திருக்கும். எழுத்தோட சைஸும் சாய்வும் ஒண்ணா இருக்கறத மட்டும் கோத்துப் படிச்சீங்கன்னா பேரு தானா வந்துடும்.

கருப்பு வெள்ளை ஜெராக்ஸ போட்டோ எடுத்து அனுப்பாதீங்கப்பா. ஓடை கருப்பு கோடா இருந்தா காஞ்சது, நீலமா இருந்தா தண்ணி ஓடுறது, ஜெராக்ஸ்ல ரெண்டும் ஒண்ணுதான். லெஜண்ட தனியா, மேப்ப தனியா, நேர மேலேருந்து கலர்ல எடுங்க. கீழ இருக்குற ஸ்கேல் பட்டையையும் விட்டுடாதீங்க, போன் ஸ்கிரீன்ல 1:50,000ங்கிற எண்ணுக்கு அர்த்தம் கெடையாது, படம் சின்னதானாலும் பட்டையும் கூடவே சின்னதாகும், அத வச்சுதான் தூரம் பாக்கணும்.

படிக்க முடியாத பேர நெனப்புல நிரப்பாதீங்க. அது எந்த சிவப்புக் கட்டத்துல இருக்குன்னு எண்ணோட குறிச்சு அனுப்புங்க, ஒரிஜினல் ஷீட்ல பாத்து நான் சொல்றேன்.