ரிவர்ஸ் வித்ட்ராவல்: எடுத்த காசு எந்தப் பக்கம் திரும்புகிறது?

கோட்டையூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் இணையச் சூதாட்டத் தளம் ஒன்று திறந்திருந்த போனை நீட்டினான். "அம்மான், பதினெட்டாயிரம் ஜெயிச்சிருக்கேன். எடுக்கப் போட்டாச்சு." திரையில் 18,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் Pending என்று மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழே, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடத்தில், Reverse Withdrawal என்று ஒரு பொத்தான்.

"இதுக்குத் தமிழ்ல என்ன அம்மான்?" என்று கேட்டான். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன் என்பதால் யோசிக்காமல் "எடுப்பைத் திருப்புறது" என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "திருப்புறதுன்னா நல்லதுதானே, அடகு வச்ச நகையத் திருப்புற மாதிரி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் ஊரில் 'திருப்புவது' என்றால் போன பொருள் கைக்கு வருவது. இந்தப் பொத்தானை அழுத்தினால் நடப்பதோ நேர் எதிர்: கைக்கு வந்துகொண்டிருந்த பணம் மறுபடி ஆட்டத்துக்குள் போய்விடுகிறது.

ஆங்கிலச் சொல்லிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 'ரிவர்ஸ்' லத்தீன் வழி வந்தது, பின்னால் திரும்புவது என்பது அதன் வேர்ப்பொருள். 'வித்ட்ரா' பழைய ஆங்கிலத் துண்டுகள் இரண்டு சேர்ந்தது. 'ட்ரா' இழுப்பது. முன்னால் நிற்கும் 'வித்' இன்றைய 'உடன்' என்ற பொருளில் இல்லை, 'எதிராக, அப்பால்' என்ற பழைய பொருளில் நிற்கிறது. ஆக, ஒன்று தன் பக்கம் இழுப்பது, மற்றது அதைப் பின்னால் திருப்புவது. எங்கே திருப்புவது என்பதை எந்தச் சொல்லும் சொல்லவில்லை.

'பெண்டிங்' இன்னும் சுவையானது. அதன் லத்தீன் வேருக்குத் தொங்குவது என்று பொருள். கழுத்துப் பதக்கத்துக்கு 'பெண்டன்ட்' என்று பேர் வந்ததும் அதனால்தான். நாம் அதற்குச் சொல்லும் 'நிலுவை' நில் என்ற வேரிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் தொங்குகிற பணம் தமிழில் நிற்கிறது. இந்த இடத்தில் நம் சொல்தான் உண்மைக்கு நெருக்கம், ஏனென்றால் அந்தப் பதினெட்டாயிரம் உண்மையிலேயே எங்கும் கிளம்பவில்லை.

எடுக்கச் சொல்லிக் கோரிக்கை போட்டதும் பணம் வங்கிக்குப் புறப்பட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் பணம் தளத்தின் கணக்குக்குள்ளேயே ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அங்கே யாரோ ஆளையும் அடையாளச் சான்றையும் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள் என்று தளமே கெடு வைத்துக்கொள்கிறது. ஒப்புதல் கிடைத்த பிறகுதான் இரண்டாவது கட்டம், அதாவது வங்கிக்கு அனுப்புவது. ரிவர்ஸ் பொத்தான் முதல் கட்டத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். நிலை Processing என்றோ Approved என்றோ மாறியதும் பொத்தான் மறைந்துவிடும். பணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய இதுவே அடையாளம்: பொத்தான் தெரிகிறவரை பணம் வாசற்படி தாண்டவில்லை.

காத்திருக்கிற பணம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. வட்டிக்கடைக் கணக்கில் 'நடப்பு' என்று ஒன்று, 'தவணை' என்று ஒன்று. நடப்பில் போட்டதை வேண்டும்போது கேட்கலாம். தவணையில் போட்டால் இரண்டு மூன்று மாதம் அசையக்கூடாது, அதற்கு ஈடாகக் கூடுதல் வட்டி கிடைக்கும். காத்திருப்பவருக்குக் காலம் சம்பாதித்துக் கொடுத்தது. ரிவர்ஸ் பொத்தான் இருக்கும் நிலுவையில் காத்திருப்பவருக்கு ஒரு பைசா வட்டி இல்லை. காலம் சம்பாதிப்பது எதிர்ப்பக்கத்துக்கு.

எப்படி என்பதை அக்கா மகன் கணக்கிலேயே பார்க்கலாம். அவன் விளையாடியது வெளிநாட்டில் பதிவான ஒரு தளம். பேர் வேண்டாம். பணம் போடும்போது அரை நிமிடம் கூட ஆகவில்லை. எடுப்பதற்கு மட்டும் 'வேலை நாட்களில் 48 மணி நேரம்'. அவன் கோரிக்கை போட்டது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு. சனி, ஞாயிறு வேலை நாளில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறப்பதாக வைத்துக்கொண்டாலே 60 மணி நேரம் அந்தப் பொத்தானோடு அவன் தனியாக இருந்தாகவேண்டும். அவர்களுடைய 48 மணி நேரம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

நள்ளிரவுக்குப் பிறகு 3,000 மட்டும் திருப்பினான். முழுத்தொகையும் இல்லாமல் ஒரு பகுதியைத் திருப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி என்பேன். "பதினஞ்சு நிக்குதுல்ல அம்மான், அது பத்திரமா இருக்குன்னு நெனச்சேன்" என்று பிற்பாடு சொன்னான். சனிக்கிழமை, விட்ட மூவாயிரத்தைப் பிடிக்க 5,000. ஞாயிறு மாலை மீதி 10,000. இரவு இருப்பு 640 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 இருந்தால்தான் எடுக்கலாம் என்பது தளத்தின் விதி. ஆகவே அந்த 640-ஐ எடுக்கவும் முடியாது. அதையும் ஆடித் தீர்த்தான்.

இடையில் சனிக்கிழமை ஒருமுறை நல்ல தொகை விழுந்து, மறுபடி எடுக்கப் போட்டிருக்கிறான். அதற்குப் புதிதாக 48 மணி நேரம். வரிசையில் நின்றவன் டீ குடிக்கப் போய்த் திரும்பினால் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்பது போல. அதைத் திருப்ப இன்னும் சுலபமாக மனசு வந்தது.

தளத்துக்கு இதில் என்ன லாபம் என்பது எளிய பெருக்கல். அவன் ஆடியது சுழலும் படங்களை வைத்த ஸ்லாட் ஆட்டம். அதில் 100 ரூபாய் வைத்தால் சராசரியாக 96 திரும்பும், தளத்துக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். நாலு ரூபாய்தானே என்று தோன்றும். ஆறு நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் மணிக்கு 600 சுழற்சி. நூறு ரூபாய்ப் பந்தயம் என்றால் ஒரு மணி நேரத்தில் புரள்வது 60,000. அதில் நாலு சதவீதம் 2,400. ஆக, பதினெட்டாயிரம் கரைய சராசரியாக ஏழரை மணி நேரம். (ஏழரை என்று வந்தது கணக்கால்தான், நான் வேண்டுமென்று போடவில்லை.) சராசரி என்பதால் ஒருவனுக்குச் சீக்கிரம் கரையும், இன்னொருவனுக்கு நேரமாகும். ஆனால் கையில் 60 மணி நேரம் இருக்கும்போது தளத்துக்கு அவசரம் ஏதும் இல்லை. அதே பதினெட்டாயிரம் வங்கிக்குப் போய்விட்டால், திரும்ப வர அவன் புதிதாக முடிவெடுத்துப் புதிதாகப் பணம் போடவேண்டும். போடும் பணம் வீட்டுப் பணம் மாதிரி கனக்கும். நிலுவையில் நிற்பது இன்னும் 'ஜெயிச்ச காசு'தான்.

தளங்கள் சொல்லும் நியாயம் வேறு. தொகையைத் தப்பாக அடித்துவிட்டால் திருத்த, வங்கிக் கணக்கை மாற்ற ஒரு வசதி என்கிறார்கள். ஆள்மாறாட்டத்தையும் கறுப்புப் பணத்தையும் தடுக்கச் சரிபார்ப்பு வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும் என்பார்கள். சரிபார்ப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சரிபார்க்கிற நேரத்தில் பணத்தை ஆட்டத்துக்கே அனுப்பும் பொத்தான் எதற்கு? தப்பான தொகையைத் திருத்தத்தான் என்றால் பத்து நிமிடம் போதும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இதே கேள்வியில்தான் வந்து நின்றது. 2020 மே மாதம், ஊரடங்கில் ஆட்கள் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, இந்த வசதியை நிறுத்தச் சொன்னது. 2021 பிப்ரவரியில் அதை நிரந்தரத் தடையாக அறிவித்தது. அங்கே உரிமம் பெற்ற தளத்தில் இப்போது அந்தப் பொத்தானே இருக்கக்கூடாது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்துவிட்டது. தண்டனை ஆட்டத்தை நடத்துகிறவருக்கும், விளம்பரம் செய்கிறவருக்கும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவருக்கும். ஆடினவருக்கு இல்லை. ஆனால் கடல் கடந்த தளத்தில் பணம் நிலுவையில் மாட்டினால் போய் முறையிட நமக்கு அங்கே ஆணையம் கிடையாது.

பழகினவர்களிடம் ஒரு தற்காப்பு உண்டு. கோரிக்கை போட்டதும் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி, பணத்தைத் திருப்ப முடியாதபடி பூட்டச் சொல்வார்கள். 'ஃப்ளஷ் பண்ணச் சொல்றது' என்று அதற்குப் பேர், தண்ணீரைத் திறந்துவிடுவது போல. செய்வதும் மறுப்பதும் தளத்தின் இஷ்டம். நாம் ரிவர்ஸ் செய்வதையும் தளமே ரத்து செய்து பணத்தை இருப்புக்குத் தள்ளுவதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. சான்று தெளிவாக இல்லை என்று தளம் திருப்பினால் அது நிராகரிப்பு. நாம் திருப்பினால்தான் ரிவர்ஸ்.

இனி தமிழுக்கு வருவோம். 'வாபஸ்' உதவாது. மனுவைத் திரும்பப் பெறுவதற்கும் நாம் வாபஸ் என்கிறோம், அதாவது வித்ட்ராவுக்கே அது பேர். வாபஸை வாபஸ் வாங்கினான் என்றா எழுதுவது? 'மீட்பு' கூடாது, நகைத் திருப்பலுக்கு வந்த அதே கேடு. 'எடுப்பு ரத்து' இலக்கணப்படி சரி, பொத்தானுக்கு மேலே எழுதவும் போதும். ஆனால் ரத்து என்றால் ஒன்று நடக்காமல் போவது. இங்கே ஒன்று நடக்கிறது. சீட்டாட்டக்காரர்கள் பணத்தை 'இறக்குவது' என்பார்கள். "ஐந்நூறு இறக்கிட்டேன்" என்றால் மேசைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே என் ஓட்டு 'மீளிறக்கம்': எடுக்கக் கேட்டதை மறுபடி ஆட்டத்தில் இறக்குவது. அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "எறக்கிட்டானா?" என்றாள். எந்தப் பக்கம் போகிறது என்று விளக்கவேண்டி இருக்கவில்லை.

திங்கள்கிழமை அவன் கணக்கு வரலாற்றைத் திறந்து காட்டினான். மூன்று வரி. 3,000, 5,000, 10,000. ஒவ்வொன்றுக்கும் எதிரில் Cancelled by player. இடையில் ஜெயித்து, எடுக்கக் கேட்டு, திருப்பியது தனியாக நாலாவது வரி, அதற்கும் அதே வாசகம். வட்டிக்கடைப் பேரேடாக இருந்தால் பணம் யார் பற்றில் போய் விழுந்தது என்றும் எதிரில் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தி இங்கே காலி.