டிரைவ் முடிந்ததும் எச்.ஆருக்கு எழுதும் முதல் மெயில்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துக் கல்லூரிகளில் கேம்பஸ் டிரைவ் நடத்திவிட்டு வந்தால், மறுநாள் காலையிலேயே எனக்கு மெயில்கள் குவிந்துவிடும். பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான்: "சார், ரிசல்ட் எப்போ வரும்?" இதற்கு நான் பதில் போடுவதில்லை. தேர்வானவர்களின் பட்டியல் எங்களிடமிருந்து உங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசருக்குத்தான் போகும். அதற்கு முன் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.

அதற்காக எழுதவே கூடாது என்றில்லை. என் எக்செல் ஷீட்டில் உங்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது. பெயர், பதிவெண், மதிப்பெண், அரியர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அந்த வரியில் ஏதாவது மாறியிருந்தால் உடனே எழுதுங்கள். அப்படிப்பட்ட மெயிலை எந்த எச்.ஆரும் ஒதுக்கமாட்டார்.

ஒரு பி.சி.ஏ. மாணவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். பல கல்லூரிகளைச் சேர்த்து நடத்திய பூல் டிரைவ் அது. இன்டர்வியூவில் நன்றாகவே பேசினார். ஆனால் பதிவுப் படிவத்தில் 'ஸ்டாண்டிங் அரியர் 1' என்று போட்டிருந்தார். எங்கள் விதிப்படி கையில் அரியர் இருந்தால் ஆஃபர் கிடையாது. முன்பு அரியர் வைத்து, பிறகு எழுதிப் பாஸானவர்களுக்குத் தடையில்லை. அதனால் அவரை ஹோல்டில் வைத்தோம்.

அந்த வாரமே மறுமதிப்பீட்டில் அவருடைய அரியர் க்ளியர் ஆகிவிட்டது. எனக்கு வந்த மெயிலைப் பாருங்கள். சப்ஜெக்ட் காலி. உள்ளே ஒரே வரி: "சார், அரியர் க்ளியர், ப்ளீஸ் கன்சிடர்." இணைப்பாக ஒரு கூகுள் டிரைவ் லிங்க், தொட்டால் 'அனுமதி கேளுங்கள்' என்கிறது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் பெயர். கடைக்காரரின் ஐ.டி.யிலிருந்து அனுப்பியிருக்கிறார்! நான் பதில் போட்டாலும் அது கடைக்குத்தான் போகும். ஷீட்டில் தேடினால் கார்த்திக் என்று மூன்று பேர். இதில் எந்தக் கார்த்திக்கின் வரியைத் திருத்துவது?

பிளேஸ்மென்ட் ஆபீசர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு கார்த்திக்கே வேறொரு மெயில் அனுப்பினார். சப்ஜெக்டில் டிரைவ் நடந்த தேதி, மார்க் ஷீட்டில் உள்ளபடி இனிஷியலோடு பெயர், பதிவெண், 'அரியர் நிலை மாற்றம்' என்ற மூன்று சொற்கள். உள்ளே நாலே வரி: எந்தக் கல்லூரி, எந்த வேலைக்கான இன்டர்வியூ, படிவத்தில் என்ன போட்டிருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது. கடைசியில் பெயரும் போன் நம்பரும். பிளேஸ்மென்ட் ஆபீசரை சிசியில் வைத்திருந்தார். அது முக்கியம், ஏனென்றால் ரிசல்ட் உண்மைதானா என்று நான் அவரிடம்தான் உறுதி செய்வேன். மார்க் ஷீட்டை லிங்க்காகக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆகவே இணைத்திருந்தார். ஃபைலின் பெயரும் சரியாக இருந்தது:

```
Karthik_M_BCA_Marksheet.pdf
```

'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைத்த ஃபைல்கள் என் டவுன்லோட்ஸில் ஏராளம். எது யாருடையது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கட்டில் விரிப்பின் மேல் மார்க் ஷீட்டை வைத்து எடுத்த போட்டோவும் அடிக்கடி வரும். ஓரம் வெட்டுப்பட்டு, பதிவெண் இருக்கும் இடத்தில் போனின் நிழல் விழுந்திருக்கும். போனிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. அதில் எடுத்து, பதிவெண் படிக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினால் போதும். நான் கேட்காத வரை ஆதார், பான் எதுவும் அனுப்ப வேண்டாம். அதெல்லாம் ஆஃபருக்குப் பிறகுதான்.

கடைக்குப் போய் அனுப்புவதில் தப்பில்லை. உங்கள் சொந்த ஐ.டி.யில் நுழைந்து அனுப்புங்கள், எழுந்து வரும்போது மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள். அந்த ஐ.டி.யில் காட்டும் பெயரையும் ஒருமுறை பாருங்கள். பத்தாவது படிக்கும்போது வைத்த 'மாஸ் கார்த்தி' இன்னும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது மெயில் வந்ததும் கார்த்திக்கின் வரியில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன். பிளேஸ்மென்ட் ஆபீசர் சரிபார்த்ததும் ஹோல்டு நீங்கியது. பட்டியலை இறுதி செய்வதற்கு முன்பே வந்ததால்தான் இது நடந்தது. பட்டியல் போன பிறகு வந்திருந்தால், எவ்வளவு நல்ல மெயிலாக இருந்தாலும் அடுத்த டிரைவுக்குத்தான் உதவியிருக்கும். அதனால் ரிசல்ட் பார்த்த அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால், புதிதாக எழுதாமல் அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வரவில்லையென்றால் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் சொல்லுங்கள். அவர் போன் செய்தால் நாங்கள் எடுத்தே ஆகவேண்டும்.