ஐயாவா, அம்மையீரா? முகம் தெரியாத அதிகாரியை விளிக்க ஒரு சொல்

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு, மடை ஷட்டர் பழுதானது பற்றி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பெறுநர் உதவி செயற்பொறியாளர். வழக்கம்போல 'ஐயா' என்று தொடங்கினேன். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நாற்காலியில் இருந்தவர் ஒரு பெண். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குத்தான் கூச்சம்.

'டியர் சார் ஆர் மேடம்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். 'சார்' என்பதன் மூலம் லத்தீனில் 'மூத்தவர்' என்று பொருள்படும் சொல். 'மேடம்' பிரெஞ்சில் 'என் சீமாட்டி'. நம் 'ஐயா'வும் ஏறக்குறைய அதே வழியில் வந்ததுதான். ஐயன் என்றால் தலைவன், தந்தை, மூத்தவன். திருநெல்வேலிச் சீமையில் அப்பாவையோ தாத்தாவையோ ஐயா என்று கூப்பிடும் வீடுகள் இன்னும் உண்டு. அதனால் சாருக்கு ஐயா சரியான இணைதான். இடிப்பது 'டியர்'. ஆங்கிலக் கடிதத்தில் அது வெறும் மரபு, பாசம் எதுவும் இல்லை. அதை 'அன்புள்ள' என்று பெயர்த்தால், முகம் தெரியாத தாசில்தாரிடம் உறவு கொண்டாடுவதுபோல் ஆகிவிடும்.

ஆளை விளிக்காமல் தப்பிக்கப் பழைய மனுக்களில் ஒரு வழி இருந்தது: 'கலெக்டர் துரையவர்கள் சமுகத்துக்கு'. இந்தச் சமுகம், சமுதாயம் என்று பொருள்படும் சமூகம் இல்லை. 'சம்முகம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. முன்னிலை, திருமுன் என்று பொருள். இன்று 'சமூகத்திற்கு' என்று நெடிலாக எழுதுவதில் பொருளே மாறிப்போகிறது. எப்படி எழுதினாலும் துரை காலத்து வாடை போகாது. விட்டுவிடலாம்.

அரசுக் கடிதங்களில் 'ஐயா / அம்மையீர்' என்று கோடு போட்டு இரண்டையும் எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் அச்சடித்த படிவத்தில் பொருந்தாததை அடிக்காமல் விட்டதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. விடை அந்த அம்மையீருக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கம் அம்மை என்றால் பெற்ற தாய். அம்மையார் என்பது மரியாதை. கூப்பிடும்போது 'ஆர்' போய் 'ஈர்' வருகிறது. 'ஆரும் அருவும் ஈரொடு சிவணும்' என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்வது இதைத்தான். இந்த 'ஈர்' ஆண், பெண் பார்க்காது; ஒருவரையும் விளிக்கும், பலரையும் விளிக்கும். அம்மையீரைப் பெண்பாலாக்குவது முன்னால் நிற்கும் அம்மைதான். அங்கே பால் காட்டாத சொல்லை வைத்தால் வேலை முடிந்தது.

அன்புடையார், அன்புடையீர் ஆகும். அப்படி ஒரு கடிதம் எழுதிக் காட்டினேன். சித்தப்பா வாசித்துவிட்டு, "ஏல, இது கல்யாணப் பத்திரிக மாரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். 'அன்புடையீர்' என்றதும் அடுத்த வரியில் 'நிகழும் மங்களகரமான' என்று கண் தேடுகிறது. சங்கங்களின் அழைப்பிதழுக்கும் சுற்றறிக்கைக்கும் அது பொருந்தும், மனுவுக்கு ஒட்டாது.

அப்புறம்தான் 'மதிப்பிற்குரியீர்' என்று போட்டேன். உரியார், விளியில் உரியீர். மரியாதை இருக்கிறது, அன்பை வலிந்து காட்டவில்லை, எதிரில் யார் இருந்தாலும் பொருந்துகிறது. அவ்வளவாகப் புழங்காத சொல் என்பதால் முதல் பார்வைக்குச் சற்று விறைப்பாகத் தெரியலாம். அது பிடிக்காதவர்கள் பதவிப் பெயரையே விளிக்கலாம்: 'மதிப்பிற்குரிய உதவி செயற்பொறியாளர் அவர்களுக்கு'. ஆட்சியர், வட்டாட்சியர், பொறியாளர் எல்லாமே இரு பாலுக்கும் பொதுவான பெயர்கள். 'அவர்களே' வேண்டாம், மேடைப் பேச்சாகிவிடும். 'உயர்திரு' பெறுநர் முகவரியோடு நிற்கட்டும். 'மாண்புமிகு' அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. பொறியாளருக்குப் போட்டால் கிண்டல்போல் இருக்கும்.

விளியைச் சரிசெய்துவிட்டு உள்ளே கோட்டைவிடுவதும் உண்டு. என் இரண்டாவது படியிலும் கடைசி வரி பழைய பழக்கத்தில் 'ஐயா அவர்கள் நேரில் பார்வையிட்டு' என்றே இருந்தது. அதை அடித்து எழுதியபின் மனு இப்படி நின்றது:

'மதிப்பிற்குரியீர்,
பாளையங்கால்வாயில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் மடையின் ஷட்டர் பழுதடைந்துள்ளது. தாங்கள் நேரில் பார்வையிட்டு, அதைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

சித்தப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.