ரிஜெக்ட் ஆன சரக்கை ‘எழுதித் தள்ளியது’ என்று கணக்கில் எழுதாதீர்கள்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கையில் ஜிஎஸ்டி நோட்டீஸோடு என்னிடம் வந்தார். வாங்கிய கம்பியில் ஒரு பங்கு உற்பத்தியில் குறைந்திருக்கிறது, அந்தப் பங்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது கம்பி வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொண்ட தொகையைத் திருப்பிக் கட்டு என்று அதில் இருந்தது. கம்பி எங்கேயும் போகவில்லை. சுருளாகவும் ரிஜெக்ட் துண்டாகவும் எடைபோட்டு, 18 சதவீத வரியோடு பில் போட்டு விற்றிருக்கிறார். ஆனால் அவருடைய கணக்கர் அதில் ஒரு பகுதியை ‘உற்பத்தி நட்டம், எழுதித் தள்ளியது’ என்று பதிந்து வைத்திருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நோட்டீஸ் வந்தது. பில் இருக்கிறது, எடைச்சீட்டு இருக்கிறது, இருந்தும் அந்த மனிதர் நான்கு முறை அலுவலகத்துக்கு அலைந்தார்.

சட்டம் சொல்வது சுருக்கமானதுதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி, தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. இதில் ‘எழுதித் தள்ளிய’ என்ற சொல்தான் பட்டறைக்காரர்களை மாட்டிவிடுகிறது.

காரணம், அடக்கவிலைக் கணக்கிலும் கிட்டத்தட்ட இதே பேச்சு வருகிறது. கணக்கியல் தரநிலை 2 என்ன சொல்கிறது என்றால், வழக்கத்துக்கு மீறி வீணான பொருளையும் கூலியையும் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது, அந்த ஆண்டின் செலவாகவே காட்ட வேண்டும். நியாயமான விதி. ஆனால் இதைச் சரியாகச் செய்யப்போன கணக்கர், அதற்கு வைத்த பெயரால் முதலாளியை வரிச் சிக்கலில் மாட்டிவிடுகிறார். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ கம்பி, கிலோ 70 ரூபாய், ஆக 70,000. கூலி, மின்சாரம், மெஷின் செலவு எல்லாம் சேர்த்து 36,200. இந்த வேலையில் கடைசலில் 15 சதவீதம் சுருளாகப் போவது வழக்கம். 150 கிலோ சுருள், கிலோ 28 ரூபாய்க்கு விற்றால் 4,200 கிடைக்கும். இது எப்போதும் வரும் கழிவு, எனவே இந்தப் பணத்தைச் செலவிலிருந்து கழித்துவிடலாம். மிச்சம் 1,02,000. துண்டுக்கு ஒரு கிலோ எடை என்று 850 துண்டு வர வேண்டும், ஆக ஒரு துண்டின் அடக்கம் 120 ரூபாய்.

ஆனால் ஒரு ஷிப்டில் டூல் ஆஃப்செட் தவறாகப் போட்டதால் 50 துண்டு அளவு குறைந்துவிட்டது. நல்ல துண்டு 800தான். இங்கேதான் பலரும் மொத்தச் செலவை 800ஆல் வகுக்கிறார்கள். ரிஜெக்டை கிலோ 32க்கு விற்று வந்த 1,600ஐக் கழித்தாலும், துண்டுக்கு 125.50 வருகிறது. அதை நம்பி அடுத்த ஆர்டருக்கு விலை கூட்டிக் கேட்டு, ஆர்டரை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 124 ரூபாய் தர வந்தவரிடம் ‘நட்டம் சார்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் அதில் 4 ரூபாய் லாபம் இருந்தது.

சரியான வழி இதுதான். நல்ல துண்டின் அடக்கம் 120 ரூபாயாகவே நிற்கும். கெட்டுப்போன 50 துண்டுக்கான 6,000ஐத் தனியாக எடுத்து, விற்ற 1,600ஐக் கழித்து, மீதி 4,400ஐ லாப நட்டக் கணக்கில் போட வேண்டும். மார்ச் 31 அன்று 300 துண்டு கையிருப்பில் இருந்தால் அதன் மதிப்பு 36,000. வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் அறிக்கையிலும் இதே தொகைதான் வர வேண்டும்.

இப்போது ஜிஎஸ்டிக்கு வருவோம். அந்த 50 துண்டு அடக்கவிலைக் கணக்கில் நட்டம். ஆனால் சரக்காக அது தொலையவில்லை, அழியவில்லை, வரி போட்டு விற்கப்பட்டிருக்கிறது. அதனால் பேரேட்டில் ‘ரிஜெக்ட், ஸ்க்ராப்பாக விற்பனை, இன்ன பில் எண்’ என்று எழுதச் சொல்லுங்கள். 4,400 ரூபாய்க்கு ‘வழக்கத்துக்கு மீறிய உற்பத்திச் செலவு’ என்று பெயர் வையுங்கள். எழுதித் தள்ளியது என்ற சொல்லே அங்கே வேண்டாம். உண்மையிலேயே தீயில் எரிந்தால், திருட்டுப் போனால், அது வேறு. அதற்கு வரியைத் திருப்பத்தான் வேண்டும்.

விற்கவும் முடியாமல், காணவும் கிடைக்காமல் உருக்கும்போது குறையும் எடைக்கு என்ன செய்வது? இரும்புக் கழிவை உருக்கிப் பில்லட் செய்யும் ஏஆர்எஸ் ஸ்டீல்ஸ் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உற்பத்தி முறையிலேயே உள்ளடங்கிய இழப்பு 17(5)(h)க்குள் வராது. இத்தனைக்குப் பிறகும் அதே கேள்வியோடு நோட்டீஸ் வருவதைப் பார்க்கும்போது பொறுமை போகிறது. பதிலில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஆனால் தீர்ப்பை மட்டும் நீட்டினால் போதாது, உங்கள் இழப்பு எவ்வளவு என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அதற்கு வேண்டியது உற்பத்திப் பதிவேடு. ஜிஎஸ்டி விதி 56(12)இன்படி, உற்பத்தியாளர் மாதாமாதம் எவ்வளவு மூலப்பொருள் போட்டார், எவ்வளவு சரக்கு, கழிவு, துணைப்பொருள் வந்தது என்று அளவோடு எழுதி வைக்க வேண்டும். சின்னப் பட்டறைகளில் இதை யாரும் எழுதுவதில்லை. தணிக்கையில் முதலில் கேட்பது இதைத்தான். 15 சதவீதம் என்ற அளவை நோட்டீஸ் வந்த பிறகு சொன்னால் எடுபடாது. ஒரு மூன்று மாதம் ஜாப் கார்டுவாரியாகப் போட்ட கம்பி, வந்த துண்டு, அள்ளிய சுருள் மூன்றையும் எடைபோட்டு இப்போதே குறித்து வையுங்கள். எடைமேடைச் சீட்டை ஸ்க்ராப் பில்லோடு பின் செய்யுங்கள். பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்ற சுருளால் எடைக்கணக்கு இடித்தால், அதை யாராலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம் இன்னொரு இடத்தில் பணம் தொங்குகிறது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற ஒருவர் இன்னொரு பதிவு பெற்றவரிடம் உலோக ஸ்க்ராப் வாங்கும்போது, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதத்தை ஜிஎஸ்டியாகப் பிடித்தம் செய்ய வேண்டும். வியாபாரி பிடித்துவிடுவார். ஆனால் பிடித்ததற்கான GSTR-7 படிவத்தை அவர் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பணம் உங்கள் பெயருக்கு வராது. தாக்கல் செய்த பிறகும், நீங்கள் போர்ட்டலில் போய் ஏற்றுக்கொண்டால்தான் ரொக்கப் பேரேட்டில் சேரும். தானாக வந்துவிடும் என்று காத்திருந்தவர்கள் பலர்.

நோட்டீஸும் அப்படித்தான். கையில் வந்து யாரும் கொடுக்க மாட்டார்கள். போர்ட்டலில் ‘Additional Notices and Orders’ பகுதிக்குள் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள், ஆடிட்டர் பார்ப்பார் என்று விடாதீர்கள். ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டு ASMT-10 வந்தால் 30 நாளுக்குள் பதில். வரி கேட்டுக் காரணம் கேட்கும் நோட்டீஸான DRC-01 வந்து, DRC-06 படிவத்தில் பதில் போடும்போது, நேரில் விசாரணை வேண்டுமா என்ற கட்டத்தில் ‘Yes’ என்று குறியுங்கள். ஆணை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான், தகராறில் இருக்கும் வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் பில்களையும் எடைச்சீட்டுகளையும் மாதவாரியாக அடுக்கி எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. நீங்கள் அதை இந்த மாதச் சீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம்.